மொஹிதோவில் புதினா கசக்காமல் இருக்க

"காரைக்குடியில், வீட்டிலேயே மொஹிதோ என்ற ரம் காக்டெயில் கலக்கினேன். புதினாவை நன்றாக இடித்தும் வாசனை இல்லை, கசப்புதான் வருகிறது. ஏன்?"

இடித்ததுதான் காரணம். புதினாவின் வாசனை எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்சுரப்பிகளில் இருக்கிறது. லேசாக அழுத்தினாலே அவை உடைந்துவிடும். கீரை கடைவதுபோல மசித்தால் இலைக்குள்ளிருக்கும் கசப்பும் சேர்ந்து இறங்கும்.

உயரமான கிளாஸில் எட்டுப் பத்து இலை, இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, 20 மில்லி எலுமிச்சைச் சாறு போட்டு, மரக்கரண்டியின் காம்பால் நாலைந்து தடவை மெல்ல அழுத்துங்கள். இலை கிழியாமல் சற்றே கசங்கினால் போதும், வாசனை மூக்குக்கு வந்துவிடும். கிழிந்து சாறு கரும்பச்சையானால் தயங்காமல் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள்.

சர்க்கரை கரைந்ததும் ஒரு சொட்டு ருசி பாருங்கள். நம் சந்தையில் கிடைக்கும் சின்ன எலுமிச்சையில் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும், அதனால் அளவை நாக்குதான் முடிவு செய்ய வேண்டும். இந்தக் கட்டத்தில் புளிப்பும் இனிப்பும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும், சோடா தணித்துவிடும்.

அப்புறம் 45 மில்லி வெள்ளை ரம், கிளாஸ் நிறைய ஐஸ். சோடா கடைசியில், 60 முதல் 90 மில்லி வரை. அதற்கு மேல் போனால் ரம் காணாமல் போகும். சித்திரை வெயிலில் ஐஸ் வேகமாக உருகிச் சுவையை நீர்க்கச் செய்யும், ஆகவே சோடாவையும் முன்பே குளிரவைத்து, அடியிலிருந்து ஒரே முறை கிளறிக் குடியுங்கள்.