மார்கரீட்டா: புளிப்பும் இனிப்பும் எங்கே சமப்படுகின்றன?

50 மி.லீ. டெக்கீலா, 20 மி.லீ. தோடம்பழ லிகியூர், 15 மி.லீ. தேசிப்புளி என்று அளந்து குலுக்கினேன். பானம் இனிப்பு மிகுந்தும் சப்பென்றும் வந்தது. லிகியூர் போத்தலில் மதுசாரம் 20 சதவீதம் என்று போட்டிருக்கிறது. பிழை எங்கே? — கொக்குவில் வாசகர்

உங்கள் அளவில் பிழையில்லை. அது சர்வதேச மதுக்கலவையாளர் சங்கத்தின் அளவேதான். ஆனால் அந்த விகிதம் குவான்ட்ரோ போன்ற 40 சதவீத லிகியூருடன்தான் நன்றாக அமையும். 50 மி.லீ. டெக்கீலாவில் 20 மி.லீ. மதுசாரமும், 20 மி.லீ. குவான்ட்ரோவில் 8 மி.லீ. மதுசாரமுமாக மொத்தம் 28 மி.லீ. இருக்கும். உங்கள் போத்தல் அந்த 8 மி.லீ.க்குப் பதிலாக 4 மி.லீ.யை மட்டுமே தருகிறது. இனிப்பைத் தாங்கிப் பிடிக்கும் காரம் அங்கே குறைந்துவிடுகிறது. ட்ரிப்பிள் செக் எனப்படும் தோடம்பழ லிகியூரின் மலிவான வகைகளில் தோடம்பழத்தோலின் மணத்தைவிடச் சீனியே முந்தி நிற்பது வழக்கமாதலால், குறை இருமடங்காகத் தெரியும்.

ஆகவே டெக்கீலாவை 60 மி.லீ.யாக உயர்த்தி, லிகியூரை 20 மி.லீ.யிலேயே விட்டு, தேசிப்புளியையும் 20 மி.லீ. ஆக்குங்கள். மதுசாரம் மீண்டும் 28 மி.லீ.க்கு வந்துவிடும்; லிகியூரின் பங்கு சற்றுக் குறைந்து, புளிப்பின் பங்கு சற்று ஏறும். லிகியூரைக் கூட்டித் தோடம்பழ மணத்தை வரவழைக்க முனைய வேண்டாம், சீனிதான் கூடும். டெக்கீலா அகாவே என்ற தாவரத்திலிருந்து வடிக்கப்படுவது; போத்தலில் நூறு சதவீதம் அகாவே என்று குறிப்பிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அக்குறிப்பு இல்லாதவற்றில் வேறு சர்க்கரையிலிருந்து வடித்த மதுசாரமும் கலந்திருக்கலாம். அகாவேயின் மணம் அவற்றில் மங்கலாகவே இருக்கும்.

வீட்டு மரத்துத் தேசிக்காய் ஒரு நாளைக்கு ஒரு மாதிரிப் புளிக்கிறது. அளவை எப்படி நம்புவது? — நல்லூர் வாசகி

நம்ப வேண்டியது நாவையே. பனிக்கட்டி இடுவதற்கு முன் கலவையில் ஒரு துளியைச் சுவைத்துப் பாருங்கள். அந்நிலையில் காரமும் புளிப்பும் கூர்மையாகவும், இனிப்பு நீங்கள் விரும்புவதைவிடச் சற்று மேலாகவும் இருக்க வேண்டும். ஏனெனில் குளிர் இனிப்பை மந்தப்படுத்தும், உருகும் நீர் மற்றவற்றைத் தணிக்கும். அப்போதே அளவாகத் தெரிந்தால், குளிர்ந்தபின் புளிப்பே மேலோங்கும். திருத்தத்தை 5 மி.லீ. மருந்துக் கரண்டியால், ஒரு தடவைக்கு ஒரு கரண்டி வீதம் செய்யுங்கள்.

காயை அன்றே பிழியுங்கள். தோல் நசுங்கும்வரை முறுக்கினால் கசப்பு இறங்கும். அந்தக் கசப்பை எவ்வளவு லிகியூராலும் மறைக்க முடியாது.

எவ்வளவு நேரம் குலுக்க வேண்டும்? — சுன்னாகம் வாசகர்

கடினமான, உலர்ந்த பனிக்கட்டியால் பாத்திரத்தை நிரப்பி, 12 முதல் 15 விநாடிகள் பலமாகக் குலுக்குங்கள். பாத்திரத்தின் வெளியே நீர்த்துளி படிவதை அடையாளமாகக் கொள்ள வேண்டாம். நம் ஊரின் ஈரக்காற்றில் அது உடனே படிந்துவிடும். கையால் பிடிக்க முடியாதபடி குளிர்வதே அடையாளம். கடையில் வாங்கி வரும் வழியில் உருகத் தொடங்கிய பனிக்கட்டியானால், அதன் நீரை முதலில் வடித்துவிடுங்கள்.

விளிம்பில் உப்பு அவசியமா? ஆனையிறவு உப்பு பாவிக்கலாமா? — சாவகச்சேரி வாசகர்

அவசியமில்லை, ஆனால் பயனுண்டு. சிறிதளவு உப்பு கசப்பை அடக்கும், அதனால் இனிப்பும் மணமும் தெளிவாகத் தெரியும். டெக்கீலா கரடுமுரடாகவோ தேசிப்புளி கசப்பாகவோ இருந்தால் உப்பு உதவும். நல்ல அகாவே டெக்கீலா கையிலிருந்தால், முதல் மிடறையாவது உப்பின்றிக் குடித்துப் பார்க்கும்படி நான் சொல்வேன்.

ஆனையிறவின் கல் உப்பு இதற்குத் தக்கது. வெறுஞ்சட்டியில் இளஞ்சூட்டில் ஈரம் போக வறுத்து, ஆறவிட்டு, சீனிப் பருமனாக மட்டும் இடியுங்கள். தூள் உப்பு விளிம்பில் தடிப்பாக ஒட்டி நாக்கை எரிக்கும். கிளாஸின் வெளிப்புறத்தை மட்டும், அதுவும் பாதி வட்டத்துக்கு மட்டும், தேசிக்காய்த் துண்டால் ஈரமாக்கி உப்பில் சாய்த்து உருட்டுங்கள். உள்விளிம்பில் ஒட்டிய உப்பு பானத்துக்குள் கரைந்து, மிடறுக்கு மிடறு உவர்ப்பைக் கூட்டிக்கொண்டே போகும். பாதி விளிம்பை வெறுமையாக விட்டால், குடிப்பவர் கிளாஸைத் திருப்பித் தமக்கு விருப்பமான பக்கத்தில் குடிக்கலாம்.

விளிம்பு வேண்டாம், பயன் மட்டும் வேண்டும் என்பவர்கள் 20 கிராம் உப்பை 80 மி.லீ. நீரில் கரைத்து, அதில் இரண்டு மூன்று துளிகளைக் குலுக்குமுன் சேர்க்கலாம். உவர்ப்புத் தெரியாது, கசப்பு மட்டும் அடங்கும். உவர்ப்புத் தெரிந்தால் துளி கூடிவிட்டது.