படத்தைப் பார்த்துக் கினிப்பன்றி வாங்கலாமா?

கேள்வி: வேறு ஊரில் இருக்கும் ஒரு விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் இரண்டு கினிப்பன்றிக் குட்டிகளின் படங்களை அனுப்பியிருக்கிறார். ஒன்று முழு வெள்ளை, மற்றது பழுப்பும் வெள்ளையும். இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்த பெட்டைகள், இரண்டு மாதம் ஆகிறது என்கிறார். முன்பணம் கட்டும் முன் படத்தைப் பார்த்து எதையெல்லாம் தெரிந்துகொள்ளலாம்? மகள் ஹாம்ஸ்டரும் கேட்கிறாள். அதற்கும் இதே முறைதானா?

பதில்: முன்பணத்தை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். நீங்கள் இணைத்திருந்த மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைக் குட்டியை வேண்டாம் என்று சொல்ல அவையே போதும்; பழுப்புக் குட்டியைப் பற்றி முடிவு செய்ய அவை போதாது. படம் பார்த்து வாங்குவதில் உள்ள வரம்பும் இதுதான். ஒரு பிராணியை நிராகரிப்பதற்கான காரணம் படத்தில் தெரியலாம். அது நலமாக இருக்கிறது என்பதற்கான உறுதி எந்தப் படத்திலும் கிடைக்காது.

முதலில் வெள்ளைக் குட்டியின் கண்ணைப் பாருங்கள். நல்ல கினிப்பன்றியின் கண் உருண்டு, சற்றே வெளியே துருத்திக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முகத்திலேயே முதலில் படுவதாக இருக்கும். இந்தக் குட்டியின் கண்ணோ இமைகளுக்குள் புதைந்து, ஒரு மிளகின் அளவுக்குக்கூட இல்லாமல் தெரிகிறது. இரண்டு கண்களும் அப்படியே இருக்கின்றன. விற்பனையாளர் இதை “தூக்கக் கலக்கம்” என்று சொல்லக்கூடும், ஆனால் தூக்கத்தில் இமைதான் தாழும், விழி சிறுத்துப்போகாது. முழு வெள்ளை உடம்பும் இப்படிச் சிறுத்த கண்ணும் சேர்ந்து வந்தால், தாய் தந்தை இரண்டும் ரோன் வகையாக இருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். நிறமுள்ள மயிருக்கு நடுவே வெள்ளை மயிர் ஒவ்வொன்றாகச் சீராகக் கலந்திருப்பதைத்தான் ரோன் என்கிறார்கள். ரோன் ஒன்று தனியாக எந்தக் குறையும் இல்லாமல் வாழும். ஆனால் இரண்டு ரோன்களை இணைசேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி அந்த மரபணுவை இரு பக்கத்திலிருந்தும் பெற்று, வெள்ளையாகவும் சிறுத்த அல்லது இல்லாத கண்களோடும் பிறக்கிறது. பார்வைக் குறையோடு காது கேளாமையும், கோணலான அல்லது குறைபட்ட பற்களும் பெரும்பாலும் அதனுடன் சேர்ந்து வரும். இவற்றில் பல குட்டிப் பருவத்திலேயே இறந்துவிடுகின்றன. பிழைப்பவற்றுக்கு வாழ்நாள் முழுவதும் மருத்துவரிடம் பல் சீரமைப்பு தேவைப்படலாம்.

இதை வைத்து வெள்ளை என்றாலே குறை என்று எண்ணிவிடக் கூடாது. இளஞ்சிவப்புக் கண்ணுள்ள வெள்ளைக் கினிப்பன்றிகள் முழு நலத்துடன் வாழ்கின்றன. அவற்றின் கண் நிறத்தில்தான் வேறுபடும், அளவில் வேறுபடாது. ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் கருங்கண்கூடச் சிவப்பாக மின்னும் என்பதால், நிறத்தை விட்டுவிட்டு அளவையும் துருத்தலையும் மட்டும் பாருங்கள். பெற்றோரின் படத்தையும் கேட்கலாம். ஆனால் வெள்ளைத் திட்டுகள் மிகுந்த உடம்பில் ரோன் மறைந்திருக்கும் என்பதால், பெற்றோர் ரோன் போலத் தெரியவில்லை என்பது மட்டும் ஆறுதல் ஆகாது. கண் சிறுத்திருந்தால் அதுவே போதிய காரணம்.

இனி பழுப்புக் குட்டி. இதன் கண் அளவில் சரியாக இருக்கிறது, பீளையோ கண்ணைச் சுற்றிப் பொருக்கோ தெரியவில்லை. கினிப்பன்றியின் கண்ணில் எப்போதாவது பால் போன்ற வெண்திரவம் சுரப்பது இயல்பு. அதைக் கொண்டு அது முகம் கழுவிக்கொள்ளும். காய்ந்த பீளையோடு மூக்கோரமும் ஈரமாக இருந்தால் அது சுவாச நோயின் அடையாளம். முன்னங்கால்களின் உட்புற மயிர் பிசுபிசுத்து ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணையும் மூக்கையும் முன்காலால் துடைத்துக்கொள்ளும் பிராணி இது. படம் எடுக்கும் முன் முகத்தைத் துடைத்துவிடும் விற்பனையாளர் காலைத் துடைக்க மறந்துவிடுவார்.

எனக்கு உறுத்துவது இக்குட்டியின் மோவாய். மூன்றாவது படத்தில் கீழுதட்டுக்கு அடியில் மயிர் கற்றையாக ஒட்டி, சுற்றியுள்ள மயிரைவிடக் கருத்துத் தெரிகிறது. அது அப்போதுதான் குடித்த தண்ணீராக இருக்கலாம், எச்சிலாகவும் இருக்கலாம். எச்சில் என்றால் வாயில் கோளாறு இருக்கிறது என்று பொருள். கினிப்பன்றிக்கு மொத்தம் இருபது பற்கள். முன்பற்களைப் போலவே கடைவாய்ப் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லையும் வைக்கோலையும் நாளெல்லாம் அரைத்தால்தான் அவை தேயும். தேயாமல் நீண்ட கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்நோக்கிச் சாய்ந்து நாக்கின்மேல் பாலம்போல் மூடிவிடும். விழுங்க முடியாமல் எச்சில் வழியும், எடை சரசரவென்று குறையும். அந்தப் பற்கள் வாயின் ஆழத்தில் இருப்பதால் எந்தப் படத்திலும் அகப்படாது. ஆகவே மோவாய், முன்பற்கள், தின்னும் விதம் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் அவற்றின் நிலையை ஊகிக்க வேண்டும்.

முன்பற்களைக் காட்டும் படம் கேளுங்கள். குட்டியை ஒருவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, மேலுதட்டை விரலால் மெல்ல விலக்க, இன்னொருவர் நேர்முன்னிருந்து எடுக்க வேண்டும். பற்கள் வெண்மையாக, மேலிரண்டும் குட்டையாக, கீழிரண்டும் நீளமாக இருப்பது சரி. கவனிக்க வேண்டியது வெட்டும் விளிம்பை. அது கிடைமட்டமாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து சரிந்திருந்தால், வலியினாலோ கடைவாய்க் கோளாறினாலோ பிராணி ஒரு பக்கமாகவே மெல்லுகிறது என்று கொள்ளலாம். அதோடு அறுகம்புல்லோ கொத்தமல்லித் தண்டோ தின்னும் காணொளி ஒன்றும் கேளுங்கள். அரை நிமிடம் போதும். தண்டு ஒரே சீராக உள்ளே போய்க்கொண்டிருந்தால் வாய் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆர்வமாகக் கவ்விவிட்டுக் கீழே போடுவது, தலையைச் சாய்த்து மெல்லுவது, மென்மையான இலையை மட்டும் எடுத்துத் தண்டை விட்டுவிடுவது ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் விலகிக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் பல் படத்தைவிட இந்தக் காணொளியே அதிகம் பேசும்.

மயிரைப் பொறுத்தவரை, பார்ப்பவர்கள் வேண்டாததற்குப் பயந்து வேண்டியதைத் தவறவிடுகிறார்கள். காதுக்குப் பின்னால் சிறிய மொட்டைத் திட்டு எல்லாக் கினிப்பன்றிகளுக்கும் உண்டு. உங்கள் பழுப்புக் குட்டியின் முதுகில் மயிர் கலைந்து நிற்பதுபோல் தெரிவதும் நோயல்ல; அது அபிசீனியன் வகைக்கு உரிய சுழி. மையத்திலிருந்து மயிர் வட்டமாக விரிந்திருப்பதைப் பார்த்தால் புரியும். நோயில் மயிர் மங்கி, எத்திசையும் இல்லாமல் சிலிர்த்து, அடியில் பொடுகு தெரியும். தோள்பட்டையிலிருந்து முதுகு வழியாக மயிர் உதிர்ந்து தோல் தடித்திருந்தால் அது பெரும்பாலும் சொறி உண்ணி. தாங்க முடியாத அரிப்பால் வலிப்புக்கூட வரும் அளவுக்கு அது கொடியது. மூக்கின் மேலும் கண்ணைச் சுற்றியும் வட்டமாக மயிர் கொட்டிப் பொருக்கு படிந்திருந்தால் படர்தாமரை; அது உங்கள் மகளுக்கும் தொற்றும். மயிர் கத்தரித்ததுபோல் குட்டையாகி, தோல் மட்டும் பழுதின்றி இருந்தால் கூண்டில் உள்ள இன்னொன்று கடித்திருக்கிறது என்று பொருள். அது நோயன்று, நெரிசல். வயிற்றுப் பக்கத்துக்கும் ஒரு படம் வேண்டும், ஏனென்றால் அழகுக்காக எடுக்கும் படங்கள் எல்லாம் முதுகுப் படங்கள்தான்.

உடற்கட்டை மட்டும் கண்ணால் அளக்காதீர்கள். கைப்பேசியை மூக்கருகே வைத்து எடுத்தால் தலை பெருத்து உடம்பு சிறுக்கும். சற்று எட்டவிருந்து பெரிதாக்கி எடுத்தால் கொழுகொழுவென்று தெரியும். மேலிருந்து பார்க்கையில் பின்பகுதி தோளைவிடச் சற்றே அகன்று, இடுப்பெலும்பு துருத்தாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் நீள மயிருள்ள வகையில் இதுவும் தெரியாது. ஆகவே சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்துக்குள் குட்டியை வைத்து, எண் தெரியும்படி எடுத்த படத்தைக் கேளுங்கள். கிண்ணத்தின் எடையைத் தனியாகக் கழிக்கச் சொல்லுங்கள். பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம் இருக்கும் குட்டி, இரண்டு மாதத்தில் 400 கிராமை ஒட்டியோ தாண்டியோ இருக்க வேண்டும். தராசு 250 காட்டினால், ஒன்று வயது பொய், அல்லது தீனி போதவில்லை. கூடவே கால் மூட்டுகள் வீங்கி, நடக்கத் தயங்கினால் வைட்டமின் சி குறைபாட்டை நினைக்க வேண்டும்; நம்மைப் போலவே கினிப்பன்றியாலும் அதை உடம்புக்குள் உருவாக்க முடியாது.

இரண்டு மாதம் என்பது உண்மையானால் வேறொரு கவலையும் உண்டு. கடுவன் குட்டிகளை மூன்று வாரத்தில் பிரித்திருக்க வேண்டும். பிரிக்காமல் ஒரே கூண்டில் வைத்திருந்தால், உங்களிடம் வரும் பெட்டை ஏற்கெனவே சினையாக இருக்கலாம். சினைக்காலம் 59 முதல் 72 நாள் வரை. கூண்டு முழுதும் தெரியும் ஒரு படமும், பாலுறுப்பின் நெருக்கப் படமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் படங்கள் எல்லாம் சன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷும் அழகூட்டும் ஃபில்டரும் இல்லாமல், பிராணியின் கண்மட்டத்தில் எடுக்கப்பட வேண்டும். அன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். போன ஆண்டுப் படத்தை இந்த ஆண்டுக் குட்டிக்குக் காட்டுவது இந்த வியாபாரத்தில் புதிதல்ல. இவ்வளவுக்கும் முகம் சுளிக்காத விற்பனையாளரிடம் மட்டும் மேலே பேசுங்கள். பெரிதாகச் செலவில்லாத கோரிக்கைகள்தான் இவை.

ஹாம்ஸ்டருக்கு அளவுகோல் வேறு. அதன் முன்பற்கள் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருப்பதே இயல்பு. சிரியன் ஹாம்ஸ்டரின் இரு விலாவிலும் இருக்கும் கருந்திட்டு புண்ணல்ல, மணச்சுரப்பி. கன்னம் புடைத்திருந்தால் பெரும்பாலும் தீனியை அடக்கிவைத்திருக்கும். சில மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் அது வடியாவிட்டால்தான் கட்டி என்று ஐயப்பட வேண்டும். பகலில் தூங்கும் பிராணி என்பதால் மாலைக்குப் பின் எடுத்த படத்தையே நம்புங்கள். அதில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் வாலடி. அங்கே மயிர் நனைந்து, கறைபட்டு ஒட்டியிருந்தால் அது ஈரவால் நோய் என்னும் குடல் தொற்றாக இருக்கலாம். பால்குடி மறந்த இளங்குட்டிகளை ஓரிரு நாளில் கொன்றுவிடும். அப்படி ஒன்று இருந்தால், அதே கூண்டில் உள்ள மற்றொன்றையும் வாங்கக் கூடாது.

பழுப்புக் குட்டியின் பல் படமும் தின்னும் காணொளியும் எடையும் சரியாக வந்தால் வாங்கலாம். தொகையின் பெரும்பகுதியை நேரில் பார்த்த பிறகே தருவதாகப் பேசுங்கள்; கையில் வந்ததும், பெட்டியை மூடும் முன்னரே, அதே தராசுக் கணக்கையும் மோவாயையும் சரிபாருங்கள். மூச்சில் கரகரப்பு கேட்கிறதா என்று குட்டியைக் காதருகே வைத்துக் கேளுங்கள், அதைப் படம் ஒருபோதும் சொல்லாது. கினிப்பன்றிக்கு வெயில் ஆகாது. ஏறக்குறைய 30 டிகிரிக்கு மேல் போனாலே தவித்துவிடும். ஆகவே பகல் பேருந்தில் அனுப்புகிறேன் என்றால் மறுத்து, விடியற்காலையில் நீங்களே போய் எடுத்துவாருங்கள்.