மிச்சமிருக்கும் கதிரியக்கமும் கரித்துண்டின் வயதும்: காரைக்குடிக் கேள்வி பதில்

கார்பன்-14 ஆய்வகத்தில் பல வருஷம் எண்ணும் கருவியோடு இருந்த ஒருவர் பதில் சொல்கிறார்.

கல்லூரி மாணவர், காரைக்குடி: கரியில் 73.5 சதவீதம் கதிரியக்கம் மிச்சம். 50 சதவீதம் குறைய 5730 வருஷம் என்றால், 26.5 குறைய 3037 வருஷம்தானே?

5730 சரி தம்பி, நேர்விகிதம் போட்டதுதான் தப்பு. கார்பன்-14 என்பது உயிருள்ளவை காற்றிலிருந்து பெறும் கதிரியக்கக் கார்பன்; இறந்த பிறகு அது சிதைந்து குறையும், ஆனால் வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரே அளவில் குறையாது. அந்தந்த வருஷம் கையில் இருப்பதில் 8267-ல் ஒரு பங்கு போகும். ஆரம்பத்தில் இருப்பு அதிகம், அதனால் இழப்பும் அதிகம். 26.5 சதவீதம் போக 2540 வருஷமே போதும். உங்கள் கணக்கில் 500 வருஷம் கூடிவிட்டது.

ஆய்வகத்தில் இதை எப்படி அளப்போம் என்று சொல்கிறேன். முதுமக்கள் தாழிக்குள் கிடந்த ஒரு கரித்துண்டு என் கைக்கு வந்தது. முடி போன்ற வேர்கள் அதற்குள் ஓடியிருந்தன. லென்ஸுக்கு அடியில் வைத்து இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கவே அரை நாள் ஆனது. பிறகு அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவினோம். இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. சுமார் 2500 வருஷக் கரியில் 100-க்கு 5 பங்கு இக்காலத்துக் கார்பன் கலந்தாலே வயது சுமார் 140 வருஷம் இளமையாகிவிடும்.

கரியை பென்சீனாக மாற்றி எண்ணினோம். உயிருள்ள மரத்தின் 1 கிராம் கார்பனில் நிமிடத்துக்கு சுமார் 13.6 அணுக்கள் சிதையும். சுற்றுப்புறக் கதிர்வீச்சால் வரும் பின்னணி எண்ணிக்கையைக் கழித்த பிறகு இந்தக் கரிக்குக் கிடைத்தது 10.0.

```
t = 8033 × ln(13.6 / 10.0) ≈ 2470
```

சிதைவு தற்செயலாக நடப்பது. அதனால் 1 சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் 10,000 சிதைவுகளை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 10 என்றால் 1000 நிமிடம், அதாவது 16 மணி 40 நிமிடம். அந்த 1 சதவீதமே வயதில் 80 வருஷம் முன்பின் ஆகும். எனவே விடை 2470, கூட்டவோ குறைக்கவோ 80.

ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், தேவகோட்டை: மேலே 8267 என்றீர்கள், சூத்திரத்தில் 8033 இருக்கிறதே? இந்த முறையைக் கண்டுபிடித்த வில்லார்ட் லிபியின் பழைய அரை ஆயுளை, அதாவது பாதி குறைய 5568 வருஷம் என்பதை, இன்னுமா வைத்திருக்கிறார்கள்?

ஆமாம் ஐயா. முதலில் வெளியான ஆயிரக்கணக்கான வயதுகளோடு ஒப்பிடத்தான் அதை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். 1950-லிருந்து பின்னோக்கி எண்ணும் இந்த வயது ஒரு இடைக்கால எண்தான். காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. அதனால் மர வளையங்களை வைத்து வரைந்த வளைகோட்டில் பொருத்தித்தான் நாள்காட்டி ஆண்டு எடுப்பார்கள். அரை ஆயுள் வித்தியாசமும் அங்கேயே சரியாகிவிடும்.

தொல்லை என்னவென்றால், 2470-க்குப் பக்கத்தில் அந்த வளைகோடு மேசை போலத் தட்டையாகக் கிடக்கிறது. பொ.ஆ.மு. 750-ல் வெட்டிய மரமும் 400-ல் வெட்டிய மரமும் கிட்டத்தட்ட ஒரே கதிரியக்கத்தையே காட்டும். கீழடி மாதிரி ஒன்றுக்கு பொ.ஆ.மு. 580 என்று 2019-ல் வெளியிட்டார்களே, அதுவும் இந்தத் தட்டைக்குள்தான் வருகிறது. அதை ஒரு வீச்சின் நடுப்புள்ளியாகத்தான் நான் படிப்பேன்.

ஆச்சி, கானாடுகாத்தான்: எங்க வளவுத் தூண் பர்மாத் தேக்கு. வீடு கட்டி எத்தனை வருஷம்னு அதை வச்சுச் சொல்ல முடியுமா? பரண்ல வெண்கலப் பானையும் இருக்கு.

பானையை விட்டுவிடுங்கள் ஆச்சி, வெண்கலத்தில் கார்பன் இல்லை. அடியில் பழைய கரி பிடித்திருந்தாலும், எரித்த விறகின் வயதைத்தான் அது சொல்லும்.

தூணில் இரண்டு சிக்கல். மரத்தின் உள்வளையம் உருவான வருஷத்தோடு காற்றை விட்டு விலகிவிடும். 150 வருஷம் வளர்ந்த தேக்கின் நடுவிலிருந்து சீவினால், வெட்டிய காலத்துக்கு 150 வருஷம் முந்திய வயதுதான் வரும். பட்டைக்கு அருகே எடுக்கலாம், ஆனால் தூண் கடையும்போது அந்தப் பகுதியைச் செதுக்கி எறிந்திருப்பார்கள். அடுத்தது, 100 வருஷத்தில் கதிரியக்கம் 1.2 சதவீதம்தான் குறையும். 1650-லிருந்து 1950 வரை காற்றிலேயே அந்த அளவுக்கு ஏற்ற இறக்கம் இருந்தது. ஒரே எண்ணுக்கு 1680, 1780, 1900 என மூன்று காலமும் பொருந்தக்கூடும். உங்கள் வீட்டுக்குக் கிரயப் பத்திரமும் கணக்கு நோட்டும்தான் நல்ல சாட்சி.

மரச்சாமான் வாங்கி ஏமாந்தவர், பள்ளத்தூர்: 200 வருஷப் பெட்டி என்று விற்றார்கள். பொய்யென்று நிரூபிக்க முடியுமா?

ஒரு பக்கம் முடியும். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 எகிறி, 1963 வாக்கில் பூமியின் வட பாதியில் ஏறக்குறைய இரட்டிப்பானது. அதன் பிறகு மெல்ல இறங்கியது. பெட்டி மரத்தின் கதிரியக்கம் 1950 அளவைத் தாண்டியிருந்தால், அந்த மரம் அதற்குப் பிறகு வளர்ந்தது. சந்தேகமே வேண்டாம்.

தாண்டவில்லை என்றால் விற்றவர் சொன்னது உண்மை என்றாகிவிடாது. இடித்த வீட்டு உத்தரத்தை அறுத்துப் போன மாதம் செய்த பெட்டியும் அதே எண்ணைத்தான் காட்டும். அப்போது இழைப்புத் தடம், ஆணி, மூட்டு இவற்றைப் பார்த்துச் சொல்லும் ஆசாரியிடம் காட்டுங்கள்.