கேபிள் இல்லாமல் போன் நம்பர்களும் காலண்டரும்: கேள்வி பதில்

தேனி, மளிகைக்கடை வைத்திருப்பவர்: அண்ணா, போனில் 412 நம்பர் இருக்கு. கம்ப்யூட்டரில் அதே ஜிமெயிலில் போய்ப் பார்த்தால் 187தான். மீதி எங்கே?

போனிலேயே பத்திரமாக இருக்கின்றன தம்பி. நம்பரைச் சேமிக்கும்போது அது சிம்மில் போகலாம், போன் மெமரியில் போகலாம், கூகுள் கணக்கிலும் போகலாம். மூன்றையும் போன் ஒரே பட்டியலாகக் காட்டிவிடுவதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. contacts.google.com பக்கத்துக்கு வருவது கணக்கில் உள்ளவை மட்டும்.

கம்ப்யூட்டரில் வராத ஒரு பெயரை, உதாரணமாக "அரிசி மண்டி"யை, போனில் திறந்து திருத்தப் போங்கள். எங்கே சேமித்திருக்கிறது என்று அங்கே தெரியும். ஜிமெயில் முகவரிக்குப் பதில் Device, Phone, SIM என்று இருந்தால் காரணம் அதுதான். புதுப் போன் வாங்கியபோது கடையில் புளூடூத் வழியாக மாற்றிக் கொடுத்தார்களா? அப்படி வருபவை பெரும்பாலும் போன் மெமரியில்தான் இறங்கும்.

முதலில் எல்லா நம்பரையும் ஒரு .vcf கோப்பாக Export செய்து தனியே வையுங்கள். அப்புறம் சாம்சங் போன் என்றால் Manage contacts, அதில் Move contacts போய், Phone-இல் இருந்து கூகுள் கணக்குக்கு நகர்த்துங்கள். கூகுளின் Contacts ஆப் என்றால் சின்க் அமைப்பில் Also sync device contacts என்று இருக்கும், அதை ஆன் செய்தால் போதும். கடைசியாக, புது நம்பர் சேமிக்கும் இடத்தையும் கூகுள் கணக்காக மாற்றிவிடுங்கள். இதை விட்டால் அடுத்த மாதம் திரும்பவும் கணக்கு உதைக்கும்.

கம்ப்யூட்டரில் 412 வராமல் 390 வந்தாலும் பதற வேண்டாம். ஒரே ஆள் சிம்மிலும் போனிலும் இருந்து, இரண்டும் ஒன்றாகியிருக்கலாம். பத்துப் பெயரைத் தேடிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கோவை, கல்லூரி மாணவர்: இதுக்கு இவ்வளவு வேண்டாமே. சின்க்கை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் வந்துடும். எனக்கு எப்பவும் வேலை செய்யுது.

உங்கள் நம்பர்கள் ஏற்கெனவே கணக்கில் இருப்பதால் வேலை செய்கிறது. பாதியில் நின்ற சின்க்கை அது தள்ளிவிடும், சரி. கணக்குக்குள்ளேயே வராத நம்பரை அது தொடாது. எது என்று அறிய, போனில் "சோதனை" என்ற பெயரில் ஒரு புது நம்பரை ஜிமெயில் கணக்கில் சேமியுங்கள். சற்று நேரத்தில் கம்ப்யூட்டரில் வந்தால் சின்க் நன்றாக இருக்கிறது, பழைய நம்பர்கள் இருக்கும் இடம்தான் தவறு.

மதுரை, ஆசிரியை: போனில் மட்டும் இருக்கட்டுமேன்னு பழைய மாணவர்கள் நம்பரைக் கம்ப்யூட்டரில் அழிச்சேன் சார். போனிலும் போயிடுச்சு!

அம்மா, கம்ப்யூட்டரில் இருப்பது தனிப் பிரதி இல்லை. இரண்டு இடத்திலும் நீங்கள் பார்ப்பது ஒரே புத்தகம். ஆனால் 30 நாள் அவகாசம் இருக்கிறது. contacts.google.com பக்கத்தில் இடது பக்கம் Trash பாருங்கள், ஒவ்வொன்றாகத் தேர்ந்து Recover கொடுங்கள். நூற்றுக்கணக்கில் போயிருந்தால் அமைப்புப் பொத்தானில் Undo changes இருக்கிறது. அது முழுப் புத்தகத்தையும் முந்தைய நிலைக்குக் கொண்டுபோவதால், இடையில் சேர்த்த புது நம்பர்கள் போய்விடும். அவற்றை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்றே செய்துவிடுங்கள்.

சென்னை, கணக்காளர்: கூகுள் காலண்டரின் ரகசிய iCal முகவரியை அவுட்லுக்கில் போட்டேன். எல்லாம் வருது. ஆனா அவுட்லுக்கில் நான் மாற்றுவது போனுக்குப் போகலை. பாஸ்வேர்டு தப்பா?

பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த முகவரி பார்ப்பதற்கு மட்டும், ஒருவழிப் பாதை. போனில் மாற்றியதும் உடனே அங்கே வராது, அவுட்லுக் அடுத்த முறை புதுப்பிக்கும்வரை பழையதையே காட்டும். ஜிஎஸ்டி கடைசி தேதியை அதை நம்பி வைக்காதீர்கள். இருவழியாக வேண்டுமென்றால் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளைப் போட்டு, New Calendar, On the Network என்று போய் ஜிமெயில் முகவரியைக் கொடுத்து கூகுளில் உள்நுழையுங்கள். அவுட்லுக்தான் வேண்டும் என்றால், பழைய டெஸ்க்டாப் பதிப்புக்கு CalDav Synchronizer என்ற இலவச இணைப்பு இருக்கிறது. அலுவலகக் கம்ப்யூட்டரில் அதை நிறுவ விடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

திருச்சி, ஓய்வுபெற்றவர்: போட்டோவையும் இப்படியே கேபிள் இல்லாமல் ஏற்றலாமா?

அது வேறு ஐயா. நம்பர் சின்க் போட்டோவைக் கொண்டுபோகாது.

துபாயில் வேலை பார்ப்பவர்: ஊருக்கு வந்ததும் 10 மணி மீட்டிங் எல்லாம் 11:30 ஆயிடுச்சு. சின்க் கெட்டுப்போச்சா?

சரியாகத்தான் இருக்கிறது. துபாயில் 10 என்றால் நம்மூரில் 11:30. ஊரில் நடக்கும் கல்யாணத்தை அங்கிருந்தே குறித்தால், நிகழ்வில் நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றிச் சேமியுங்கள்.

கும்பகோணம், இல்லத்தரசி: மாமனார் திதி வருஷா வருஷம் தானா வர வைக்க முடியுமாண்ணா? நாலு பிள்ளைகளுக்கும் தெரியணும்.

ஒரே ஆங்கிலத் தேதியில் திரும்ப வர வைக்கலாம். திதியைக் கணக்கிட்டுத் திரும்ப வர வைக்கும் வசதி கூகுள் காலண்டரில் இல்லை, எனக்கும் வழி பிடிபடவில்லை. இப்போதைக்குப் பஞ்சாங்கம் வந்ததும் கம்ப்யூட்டரில் "குடும்பம்" என்று தனிக் காலண்டர் தொடங்கி, Settings and sharing-இல் நாலு பேர் ஜிமெயிலையும் சேருங்கள். அவர்களுக்கு வரும் மெயிலில் உள்ள லிங்கைத் தட்டிச் சேர்த்துக்கொண்டபின், நீங்கள் ஒருமுறை தேதி போட்டால் நாலு போனிலும் வரும். இங்கே யாராவது திதிக்கே வழி கண்டிருந்தால் சொல்லுங்கள், நானும் எங்கள் வீட்டுக்காகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.