அறுபது விநாடிக்குள் ஒரு சாலைப் பாதுகாப்புக் குரல்: கேள்வி பதில்

மாணவி: ஐயா, வண்டி ஓட்டும்போது கைப்பேசி பார்ப்பது பற்றி அறுபது விநாடிப் படம் எடுக்கிறோம். நிமிடத்துக்கு 150 சொற்கள் என்று எங்கோ படித்து அதன்படி எழுதினேன். வாசிப்பவருக்கு மூச்சு வாங்குகிறது. எங்கே தவறு?

அது ஆங்கிலத்துக்கான கணக்கு. நம் சொற்கள் உருபையும் துணைவினையையும் சுமந்துகொண்டு நீளமாக வருபவை. அதோடு, அறுபது விநாடியும் குரலுக்குக் கிடைக்காது. தொடக்கத்தில் சாலை ஓசை மட்டும் கேட்க நான்கு விநாடி, மோதலுக்குப் பின் மௌனம் ஐந்து, முடிவில் திரையில் வரும் வாசகத்துக்கு ஐந்து என்று ஒதுக்குங்கள். மிஞ்சுவது 46. நிதானமான குரலில், மூச்சுக்கும் இடம் விட்டால், அறுபது சொற்களைச் சுற்றித்தான் அதில் அடங்கும்.

ஆனால் சொல்லை எண்ணுவதும் ஏமாற்றும். நீங்கள் அனுப்பிய முதல் வரி இது: “வாகனம் ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்துவதன் காரணமாக ஓட்டுநரின் கவனம் சிதறி விபத்து நேரிடுகிறது.” பத்துச் சொற்கள், வாசிக்க எட்டு விநாடிக்கு மேல் ஆகும். இதைப் பாருங்கள்: “கண் திரையில் இருந்தது இரண்டே விநாடி. வண்டி ஓடியது முப்பத்து மூன்று மீட்டர்.” இதுவும் பத்துச் சொற்கள்தான். ஐந்தரை விநாடியில் முடிந்துவிடும். ‘பயன்படுத்துவதன் காரணமாக’ போன்ற தொடர்கள்தாம் நேரத்தை விழுங்குகின்றன. ஓட்டுநர் கைப்பேசி பார்ப்பதைப் படமே காட்டுகிறது; அதைக் குரலும் சொல்ல வேண்டாம்.

எண்களை எழுத்தாலேயே எழுதுங்கள். தாளில் “60 கி.மீ.” துக்கடாவாகத் தெரியும். வாயில் அது “மணிக்கு அறுபது கிலோமீட்டர்”. மனத்துக்குள் படித்து நேரம் பார்க்காதீர்கள். படத்தை ஓடவிட்டு, வாய்விட்டு வாசித்து அளவிடுங்கள்.

படத்தொகுப்பாளர்: இவ்வளவு சிரமம் எதற்கு? குரலின் சுருதி மாறாமல் வேகத்தைக் கூட்ட மென்பொருள் இருக்கிறதே.

ஓரளவு சரிதான். ஐந்து விழுக்காடு கூட்டினால் பெரும்பாலும் காதுக்குத் தெரியாது. இரண்டு மூன்று விநாடி மீறலை நானும் அப்படிச் சரிசெய்வதுண்டு. 74 விநாடியை அறுபதுக்குள் அடைக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட கால் பங்கு வேகம் கூட்ட வேண்டும். அப்போது முதலில் சாவது இடைவெளிகள். ‘மீட்டர்’ என்ற சொல்லுக்குப் பின் வரும் மௌனத்தில்தான் பார்ப்பவர் அந்தத் தூரத்தை மனத்தில் அளக்கிறார்.

ஒரு வாசகர்: என் தம்பி தலைக்கவசம் இல்லாமல் போய் இறந்துவிட்டான். தலைக்கவசம், சீட் பெல்ட், குடி எல்லாவற்றையும் அவசியம் சேர்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் இழப்பு பெரியது, ஐயா. அதனாலேயே சொல்கிறேன்: தம்பிக்கு நடந்ததற்கு ஒரு முழுப் படம் வேண்டும், இதில் ஒரு வரியாக அது கரைந்துபோகக் கூடாது. 46 விநாடியில் நான்கு அறிவுரை என்றால் ஒவ்வொன்றுக்கும் பதினொன்றரை விநாடி. எதுவும் தங்காது. ஒரு செயல், அதன் விளைவு, பார்ப்பவர் இன்றே செய்யக்கூடிய ஒரு மாற்று, இவ்வளவே இடம். இந்தப் படத்தில் மாற்று: “புறப்படும் முன் கைப்பேசியைப் பின் இருக்கையில் வையுங்கள்.” “கவனமாக ஓட்டுங்கள்” என்று முடித்தால் யாரும் எதையும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள்; எல்லோரும் தாம் கவனமாகவே ஓட்டுவதாக நம்புகிறார்கள்.

பயிற்சி ஓட்டுநர்: முப்பத்து மூன்று மீட்டர் என்பது பிரேக் போட்டு நிற்கும் தூரம்தானே? மழையில் அது மாறுமே.

இல்லை, இது பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே கடந்த தூரம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர், இரண்டு விநாடிக்கு 33. மழைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நிற்கும் தூரம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அது நீங்கள் சொல்வதுபோல் சாலைக்கும் டயருக்கும் ஏற்ப மாறும். அதனால்தான் அதைக் குரலில் வைக்கவில்லை. உங்கள் கேள்வியால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. படத்தில் வேகமானி 40 காட்டினால் குரல் 22 மீட்டர் என்றுதான் சொல்ல வேண்டும். படப்பிடிப்பில் வேகம் மாறி, உரை பழையபடியே இருந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

வானொலி நண்பர்: இதே உரையை எங்களுக்கும் தரலாமா?

அப்படியே முடியாது. வானொலியில் ஐந்து விநாடி மௌனம் வந்தால் ஒலிபரப்பு அறுந்ததாக நினைப்பார்கள். அங்கே விடாமல் ஒலிக்கும் ஹாரனையோ வேறு ஓசையையோ வையுங்கள். படம் காட்டியதை ஒரு வரியில் குரல் சொல்லியாக வேண்டும்.

மாணவி: கடைசியாக ஒன்று, ஐயா. ‘நீங்கள்’ என்று பேசுவதா, ‘அவன்’ என்று கதை சொல்வதா?

நான் ‘அவன்’ என்று தொடங்கி, கடைசி வரியில் மட்டும் ‘வையுங்கள்’ என்று திரும்புவேன். முதலிலேயே ‘நீங்கள்’ என்றால் பார்ப்பவர் தற்காப்புக்குப் போய்விடுகிறார் என்பது என் எண்ணம். என்னோடு வேலை செய்யும் குரல் கலைஞர் இதை ஏற்பதில்லை; ‘அவன்’ என்றதும் அது வேறு யாருக்கோ நடந்ததாகிவிடுகிறது என்கிறார். இரண்டையும் பதிவு செய்து, படத்தைப் பற்றி எதுவும் அறியாத நால்வரிடம் போட்டுக் காட்டுங்கள். முடிந்ததும் கைப்பேசியை எங்கே வைக்கச் சொன்னது என்று கேளுங்கள்.