ரயிலில் எல்லை தாண்டுவது: இஸ்தான்புல்–சோபியா இரவு ரயிலை முன்வைத்துக் கேள்வி பதில்

மீனா: இஸ்தான்புலில் இருந்து சோபியாவுக்கு இரவு ரயிலில் போகிறோம். எத்தனை மணிக்கு எழுப்புவார்கள்? தூங்க முடியுமா, முடியாதா?

நடு இரவில் எழுந்தே ஆக வேண்டும். இஸ்தான்புலின் ஹல்கலி நிலையத்தில் ரயில் சாயங்காலத்துக்குப் பிறகு கிளம்பும். நள்ளிரவு தாண்டி துருக்கியின் கடைசி நிலையமான கப்பிக்குலேவில் வந்து நிற்கும். அங்கே அதிகாரிகள் உங்களைத் தேடி வரமாட்டார்கள், நீங்கள்தான் இறங்கிப் போக வேண்டும். பிளாட்ஃபார்மை ஒட்டிய கட்டடத்தில் பாஸ்போர்ட் ஜன்னல் இருக்கும். வரிசையில் நின்று துருக்கியை விட்டு வெளியேறும் முத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பி ஏற வேண்டும். எல்லாரும் முடித்த பிறகுதான் ரயில் நகரும் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

அப்புறம் எல்லை தாண்டி பல்கேரியாவின் ஸ்விலென்கிராட். அங்கே பொதுவாக நிலைமை தலைகீழ். நீங்கள் படுக்கையிலேயே இருக்கலாம், அதிகாரிகள் பெட்டிக்குள் ஏறி பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்ப்பார்கள். பின்னால் சுங்கத்தார் வருவார்கள். சில இரவுகளில் லக்கேஜோடு இறங்கச் சொல்வதும் உண்டு. சொன்னால் ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் இறங்கிவிடுங்கள். கப்பிக்குலேவுக்கு முன்னால் ஒரு தூக்கம், ஸ்விலென்கிராட்டுக்குப் பின்னால் ஒரு தூக்கம் என்று கணக்குப் போட்டால் சரியாக இருக்கும். ஸ்வெட்டரையும் செருப்பையும் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். நிலையத்தில் நிற்கும்போது கழிவறையைப் பூட்டிவிட வாய்ப்புண்டு, அதனால் வண்டி ஓடும்போதே போய்வந்துவிடுவது நல்லது.

ரவி: பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள் என்றால்? எனக்கு அதுதான் பயம். கொடுக்காமல் கையிலேயே பிடித்துக் காட்டினால் போதாதா?

போதாது. பெட்டியில் இருக்கும் அத்தனை பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுத்துப்போய், பதிவு செய்து, கட்டாகத் திருப்பித் தருவது பல எல்லைகளில் நடப்பதுதான். வாங்குகிறவர் சீருடையில் இருக்கிறாரா, ரயில் எல்லை நிலையத்தில்தான் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஓடும் ரயிலில் சாதாரண உடையில் வந்து யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள், பெட்டி உதவியாளரைக் கூப்பிடுங்கள்.

திரும்பி வந்ததும் ஒரு வேலை இருக்கிறது. இது உங்கள் பாஸ்போர்ட்தானா, முத்திரைத் தேதி சரியா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் சேர்ந்திருக்கும் ஐரோப்பிய நாடுகளின் வட்டம்தான் ஷெங்கன், பல்கேரியாவும் அதில் ஒன்று. ஷெங்கன் முத்திரையில் நுழைவுக்கு நேர்மூலைச் செவ்வகக் கட்டம், வெளியேறுவதற்கு முனை மழுங்கிய கட்டம். மேல் மூலையில் சின்னதாக ஒரு ரயில் எஞ்சின் படமும் இருக்கும். 2025 அக்டோபர் 12 முதல் அந்த முத்திரைக்குப் பதிலாக முகப்படம், கைரேகை எடுத்துக் கணினியில் பதிவு செய்யும் முறை படிப்படியாக வந்தது. அந்த முறையில் பதிவானவர்கள் நுழைவு முத்திரை இல்லையே என்று பதற வேண்டாம். துருக்கி முத்திரை வேறு கதை, அது விழுந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

சரவணன்: சார், தகவலுக்குச் சொல்கிறேன். பல்கேரியா இப்போது ஷெங்கன். ஷெங்கனுக்குள் ரயிலில் செக்கிங் என்பதே கிடையாது, வீணாகப் பயமுறுத்தாதீர்கள்.

பாதி சரி. 2025 ஜனவரி 1 முதல் பல்கேரியாவின் தரைவழி எல்லையும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. ஆனால் துருக்கி ஷெங்கனில் இல்லையே. அதனால் ஸ்விலென்கிராட் என்பது மொத்த ஷெங்கனுக்கும் வெளிவாசல். சோபியாவிலிருந்து மேற்கொண்டு ருமேனியா போனால் நீங்கள் சொல்வது பொருந்தும்.

அங்கேயும் பாஸ்போர்ட்டைச் சூட்கேஸ் அடியில் புதைத்துவிடாதீர்கள். உள் எல்லைகளிலும் தற்காலிகச் சோதனை போட நாடுகளுக்கு உரிமை உண்டு; ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் போட்டது. இன்னொன்று, இமிகிரேஷன் வேறு, சுங்கம் வேறு. சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வட்டத்தில் இல்லை. மிலானிலிருந்து சூரிக் போகும் ரயிலில் பாஸ்போர்ட்டைக் கேட்காமலே பையைத் திறக்கச் சொல்லலாம்.

மீனா: அப்படியானால் எங்கள் விசா? முதலில் சோபியா, அங்கிருந்து ஒரு வாரம் இஸ்தான்புல், மறுபடி சோபியா என்று மாற்றலாமா என்று யோசிக்கிறோம்.

ஷெங்கன் விசாவில் நுழைவு எண்ணிக்கை என்ற இடத்தில் 01 என்று இருந்தால் மாற்றாதீர்கள். துருக்கிக்குப் போகும்போதே அந்த ஒரு நுழைவு தீர்ந்துபோகும், விசா தேதி மிச்சம் இருந்தாலும் சரி. ஸ்விலென்கிராட்டில் இது தெரியவந்தால் அந்த நேரத்தில் யாராலும் சரிசெய்ய முடியாது. 02 என்றோ, பல நுழைவைக் குறிக்கும் MULT என்றோ இருந்தால் தாராளமாகப் போகலாம்.

பாத்திமா: சுங்கத்தில் என்ன கேட்பார்கள் அக்கா? சீஸும் சுஜுக் என்ற துருக்கி சாசேஜும் வாங்கி வரச் சொல்லி என் மகன் லிஸ்டே கொடுத்திருக்கிறான்.

விமான நிலையம்போலப் பச்சை வழி, சிவப்பு வழி எல்லாம் ரயிலில் இல்லை. அதிகாரி கதவருகே நின்று, ஏதாவது இருக்கிறதா என்று வாய்மொழியாகக் கேட்பார். ‘ஒன்றுமில்லை’ என்று நீங்கள் சொல்வதையே அவர் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வார். அதனால் தூக்கக் கலக்கத்தில் தலையாட்டாதீர்கள்.

உங்கள் லிஸ்டில் சீஸ், சுஜுக் இரண்டையும் அடித்துவிடுங்கள். வெளிநாட்டு இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனிப்பட்ட பயணியின் பையில் வரக்கூடாது, துருக்கியும் அதில் அடக்கம். பறித்துக் குப்பையில் போடுவார்கள், அபராதமும் வரலாம். லோக்கும் என்ற துருக்கி மிட்டாய், பால் சேராததாக இருந்தால் கொண்டுபோகலாம்.

வாங்கிய பொருளின் மதிப்பையும் பாருங்கள். விமானத்திலோ கப்பலிலோ வருகிறவருக்கு 430 யூரோ வரை வரி இல்லை, ரயிலில் வருகிறவருக்கு 300 யூரோதான். நிறையப் பேர் விமானக் கணக்கை நினைத்துக்கொண்டு லெதர் ஜாக்கெட் வாங்கி மாட்டிக்கொள்வது இங்கேதான். பில்லைக் கையில் வையுங்கள். ரொக்கம் 10,000 யூரோவோ அதற்கு மேலோ இருந்தால், எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும், எழுதிக் கொடுக்க வேண்டும். கொண்டுபோவது குற்றமில்லை, சொல்லாமல் இருப்பதுதான் குற்றம்.

கோபால்: நான் லண்டனிலிருந்து பாரிஸ் போகிறேன். யூரோஸ்டாரில் அதிகாரிகள் எந்த ஸ்டேஷனில் ஏறுவார்கள்?

ஏறமாட்டார்கள். லண்டன் செயின்ட் பான்க்ராஸிலேயே, ரயிலில் ஏறுவதற்கு முன்னால், பிரெஞ்சு அதிகாரிகள் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுவார்கள். ஆகவே உங்களுக்கு முக்கியம் நிலையத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேருவது. உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாருவுக்குப் போகும் குட்டி ரயிலும் இதே வகை. சிங்கப்பூர், மலேசியா இரண்டு சோதனையும் முடித்துவிட்டுத்தான் ஏறுவீர்கள். டிக்கெட் எடுக்கும்போதே நம் ரயில் எந்த வகை என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

மீனா: கடைசியாக ஒன்று. எதையெல்லாம் கையில் வைத்துக்கொள்ள?

தலையணைப் பக்கம் ஒரு சின்னப் பை. பாஸ்போர்ட், விசா, ரயில் டிக்கெட், முதல் இரவுக்கான ஹோட்டல் பதிவு, பயணக் காப்பீடு, திரும்பும் டிக்கெட். மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருந்துச் சீட்டு, அதுவும் மாத்திரையின் அசல் அட்டையோடு. குழந்தையை அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் கூட்டிப்போனால், மற்றவரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும். எல்லாமே அச்சடித்த காகிதமாக இருக்கட்டும்.

ரவி: காகிதம் எல்லாம் அந்தக் காலம். நான் போனில் காட்டித்தான் போனேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்களுக்கு நடந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லைக்கருகில் போன் ஒரு நாட்டின் சிக்னலை விட்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருக்கும், மின்னஞ்சலுக்குள் இருக்கும் ஹோட்டல் பதிவு திறக்காது. அதிகாரி அடுத்த அறைக்குப் போக அவசரப்படுவார். போனில்தான் வைப்பேன் என்றால், இணையம் இல்லாமலே திறக்கும்படி முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

ரவி: அதைச் செய்கிறேன். காகிதம் மட்டும் எடுக்கமாட்டேன்.

சரி, சார்ஜராவது எடுங்கள்.