மரத்திலிருந்து விழுந்த பையனுக்கு ஸ்கேன் எடுத்தது தப்பா? (கேள்வி பதில், சுங்கை சிப்பூட்)

அரசாங்க ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் 29 வருஷம் ரேடியோகிராபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை; பிள்ளைகளை CT ஸ்கேன் மேசையில் படுக்க வைத்துப் பொத்தானை அழுத்தியவன். போன மாதம் நம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பையன் விழுந்ததிலிருந்து எல்லாரும் இதையே கேட்கிறார்கள். கேட்டவர்கள் எழுதியபடியே போட்டுப் பதில் சொல்கிறேன்.

"அண்ணே, விழுந்தது என் மகன்தான். 5 வயசு. ரம்புத்தான் மரத்துல ஆறடி உயரத்துலேர்ந்து விழுந்தான். ரெண்டு தடவை வாந்தி. முதல்ல ஸ்கேன் வேணாம், படுக்க வச்சுப் பார்ப்போம்னாங்க. மூணு மணி நேரம் கழிச்சு எழுப்புனா கண்ணைத் தொறந்து மூடிக்கிறான், ஐஸ்கிரீம்னு சொல்லியும் திரும்பல. உடனே ஸ்கேன் எடுத்தாங்க. தலையில ஒண்ணுமில்ல. வீணா எடுத்துட்டோமா? பின்னாடி கேன்சர் வரும்னு சொல்றாங்க."

வீணா எடுக்கலை தங்கச்சி. ஒன்றுமில்லை என்று தெரிந்தது ஸ்கேனுக்கு அப்புறம்தான். டாக்டர் கையில் அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்க்கணும்.

அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 42,412 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். யாருக்கு ஸ்கேன் வேணும், யாரை வைத்துப் பார்த்தால் போதும் என்று சொல்கிற கணக்கு அது. இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு ஐந்தடிக்கு மேலிருந்து விழுந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, கொஞ்ச நேரம் நினைவு தப்பியிருந்தாலோ, தலைவலி கடுமையாக இருந்தாலோ நடுத்தர ஆபத்து. அந்தக் கூட்டத்தில் நூற்றுக்கு ஒரு பிள்ளைக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் மூளையில் பெரிய அடி இருந்தது. அதனால் நாலு முதல் ஆறு மணி நேரம் கண்காணிப்பது சரியான வழி. உங்கள் டாக்டர் முதலில் செய்தது அதுதான்.

பிள்ளை மந்தமாகிவிட்டால் கணக்கு மாறிவிடும். உயரமும் வாந்தியும் மட்டும் இருந்த பையன் வேறு, எழுப்பினால் திரும்பப் பார்க்காத பையன் வேறு. மதியத் தூக்கத்தில் இருக்கிற பிள்ளையை எழுப்பினால் சிணுங்கும், கையைத் தட்டிவிடும், ஐஸ்கிரீம் என்றால் ஒரு கண்ணாவது திறக்கும். உங்கள் மகன் அதுகூடச் செய்யவில்லை. இப்படி நிலை மாறிய பிள்ளைகளில் நூற்றுக்கு நாலு பேருக்குப் பெரிய அடி இருந்தது. நாலு பேருக்கும் ஆபரேஷன் என்று அர்த்தமில்லை. இரண்டு இரவு வார்டில் படுத்தவர்களும் அதில் சேர்த்தி. ஆனால் மண்டைக்குள் ரத்தம் கட்டி, சில மணி நேரத்துக்குள் திறக்காவிட்டால் போய்விடுகிற பிள்ளையும் அந்த நாலு பேருக்குள்தான் இருக்கிறது.

இப்போது தராசின் அடுத்த தட்டு, ஸ்கேனின் கதிர். நீங்கள் அனுப்பிய படத்தில், ஸ்கேனோடு வந்த கடைசித் தாளில் இரண்டு எண் இருக்கிறது: CTDIvol 30, DLP 480. முதலாவது, தலையில் ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு கதிர் விழுந்தது என்பது. அதை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கினால் இரண்டாவது வரும். அந்த இரண்டாவதை உடம்பு முழுவதற்குமான கதிர் அளவாக மாற்ற, ஐந்து வயதுத் தலைக்கு என்று ஒரு பெருக்கெண் வைத்திருக்கிறோம்.

```
30 mGy × 16 cm = 480 mGy·cm
480 × 0.0040 = 1.92 mSv
```

ஏறக்குறைய இரண்டு மில்லிசீவெர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகத்தில் ஒருவருக்கு வருஷத்துக்குச் சராசரியாக 2.4 வருகிறது. ஆக, பத்து மாதம் சும்மா உட்கார்ந்திருந்தால் வருகிற அளவு. ஆனால் இந்த ஒப்பீட்டை நான் முழுசாக நம்பச் சொல்ல மாட்டேன். இரண்டு என்பது உடம்பு முழுவதற்கும் பரப்பிப் போட்ட கணக்கு. கதிர் விழுந்தது தலையில். மூளை வாங்கியது 30 மில்லிகிரேக்குப் பக்கம். அந்த அளவை வைத்துத்தான் ஐரோப்பாவில் ஒன்பது நாட்டுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2023-இல் முடிவு சொன்னார்கள்: தலை ஸ்கேன் ஒரு தடவை எடுத்த 10,000 பிள்ளைகளில், அந்த ஸ்கேனால் ஏறக்குறைய ஒரு பிள்ளைக்கு, ஐந்து முதல் பதினைந்து வருஷத்துக்குள் மூளைப் புற்றுநோய் வரலாம்.

நூறு பேர் படிக்கிற தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மாதிரி நூறு பள்ளி சேர்த்தால்தான் 10,000 பிள்ளைகள். அத்தனை பேருக்கும் ஸ்கேன் எடுத்தால் ஒருவருக்கு அந்தக் கெடுதல். உங்கள் மகன் மாதிரி மந்தமான பிள்ளைகளாலேயே அந்த நூறு பள்ளியும் நிறைந்திருந்தால், நானூறு பேருக்கு அன்றைக்கே தலைக்குள் பெரிய அடி.

"தம்பி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஆஸ்திரேலியாவில் ஸ்கேன் எடுத்த பிள்ளைகளுக்குப் புற்றுநோய் 24 சதவீதம் அதிகம் என்று படித்தேன். நீங்கள் பத்தாயிரத்தில் ஒன்று என்கிறீர்கள். மக்களைச் சமாதானப்படுத்த எண்ணைக் குறைக்கிறீர்களா?"

குறைக்கவில்லை சார். நீங்கள் படித்தது 2013-இல் வந்த ஆய்வு, எண்ணும் சரி. ஆனால் 24 சதவீதம் எதற்கு மேல் என்று பார்க்கணும். பிள்ளைகளுக்குப் புற்றுநோயே அபூர்வம். அபூர்வமான ஒன்றின் மேல்தான் அந்த 24. அதே ஆய்வில் ஸ்கேன் எடுத்தவர்கள் சுமார் 6,80,000 பேர், எதிர்பார்த்ததற்கு மேல் வந்த புற்றுநோய் 608. வகுத்துப் பாருங்கள், சுமார் 1,100 பேருக்கு ஒருவர். நான் சொன்னது மூளைப் புற்றுநோய் மட்டும், தலை ஸ்கேன் ஒரு தடவை. அவர்கள் எண்ணியது எல்லா ஸ்கேனும், எல்லாப் புற்றுநோயும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில பிள்ளைகளுக்குத் தலைவலி, வலிப்பு என்றுதான் ஸ்கேனே எடுக்கிறார்கள். கட்டி ஏற்கனவே இருந்து, பிறகு கண்டுபிடிக்கப்பட்டால் பழி ஸ்கேன் மேல் விழும். அதற்காக முதல் சில வருஷத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிடுகிறார்கள். எத்தனை வருஷம் கழித்தால் போதும் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

"அங்கிள், என் மாமா பையன் டாக்டர். 100 மில்லிசீவெர்ட்டுக்குக் கீழே ஒண்ணுமே ஆகாதுன்னு சொல்றார். அப்போ பயமே வேணாம்தானே?"

பாதி சரி. ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களை வருஷக்கணக்காகப் பார்த்ததில் 100-க்கு மேல் ஆபத்து ஏறுவது தெளிவு. அதற்குக் கீழே கோடு மங்கலாகத் தெரிகிறது. மங்கல் என்றால் இல்லை என்று ஆகிவிடாது. ஐரோப்பிய ஆய்வு அந்த மங்கலான இடத்தில்தான் பிள்ளைகளைத் தேடியது, ஏதோ கண்டது. மாமா பையன் சொல்கிற மாதிரி நினைக்கிற பெரிய நிபுணர்களும் இருக்கிறார்கள், சண்டை ஓயவில்லை. என் கட்சி: ஆபத்து உண்டு என்றே வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் தயங்காமல் எடுப்பது.

"எங்க வீட்டு மூணு வயசுப் பையன் நாற்காலியிலேர்ந்து விழுந்தான். உடனே அழுதான், அப்புறம் விளையாடுனான். நெத்தியில வீக்கம். காசு கட்டுறேன்னு சொல்லியும் ஸ்கேன் எடுக்க மாட்டேன்னுட்டாங்க. இது அலட்சியம் இல்லையா?"

இல்லைங்க, நல்ல டாக்டர். அந்த அமெரிக்கக் கணக்கில், எந்த அறிகுறியும் இல்லாத பிள்ளைகளில் பெரிய அடி இருந்தவர்கள் 2,000-க்கு ஒருவருக்கும் குறைவு. விதியைச் சரிபார்க்கத் தனியாக ஒதுக்கிய கூட்டத்தில் அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்குக்கூட ஆபரேஷன் தேவைப்படவில்லை. உங்கள் பையன் விஷயத்தில் இரண்டு தட்டும் சமத்துக்குப் பக்கம் வந்துவிடுகிறது. உங்களுக்கும் மேலே எழுதிய அம்மாவுக்கும் ஸ்கேன் ஒன்றுதான், பிள்ளைகள் வேறு. நெற்றி வீக்கம் பார்க்கப் பெரிசாக இருக்கும், ஆனால் அது மண்டைக்கு வெளியே.

"எனக்குச் சிறுநீரகம் கொஞ்சம் வீக். ஸ்கேனுக்கு ஊசி போட்டா கெட்டுப்போகும்னு பயம். இதுவும் கதிர்தானா?"

அது வேறு விஷயம் அம்மா. அந்த ஊசி மருந்து அயோடின் கலந்த சாயம், கதிர் இல்லை. ரத்தச் சோதனை முடிவை ஸ்கேன் தேதிக்கு முன்னாலேயே டாக்டரிடம் காட்டுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளைக்கு அந்தச் சாயம் பொதுவாகத் தேவையே இல்லை.

"புக்கிட் மேரா கதையெல்லாம் பார்த்தவ நான். ஸ்கேன் எடுத்த பேரனைக் கர்ப்பமா இருக்கற மருமக பக்கத்துல படுக்க வைக்கலாமா? மஞ்சப் பால் குடுத்தா கதிர் எறங்குமா?"

தாராளமாகப் படுக்கலாம் பாட்டி. புக்கிட் மேராவில் மக்கள் பயந்தது தோரியம் கலந்த கழிவுக்கு. தூசியாக உள்ளே போனால் அங்கேயே தங்கிக் கதிர்விடுகிற பொருள் அது. ஸ்கேன் மெஷின் கதிர் விளக்கு வெளிச்சம் மாதிரி. சுவிட்சை அணைத்தால் அறையிலும் இல்லை, பிள்ளை உடம்பிலும் இல்லை. மஞ்சள் பால் கொடுங்கள், பையன் தூங்குவான். இறக்குவதற்கு உள்ளே கதிர் எதுவும் இல்லை.

"காந்த ஸ்கேனில் கதிரே இல்லையே, அதை எடுத்தால் என்ன?"

அடிபட்டு மந்தமாகக் கிடக்கிற பிள்ளை அரை மணி நேரம் அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுக்கணும். படுக்காது, மயக்க மருந்து கொடுக்கணும். நாம் பேசுகிற ஸ்கேன் சில விநாடியில் முடிந்துவிடும்.

"அண்ணே, திரும்ப நான்தான், ரம்புத்தான் மரத்துப் பையனோட அம்மா. இப்போ நல்லா ஓடுறான். ஆனா மாமியார் தனியார்ல இன்னொரு தடவை எடுத்து உறுதிப்படுத்திக்கச் சொல்றாங்க."

இதைத்தான் வேண்டாம் என்பேன். முதல் ஸ்கேன் அன்றைக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொன்னது. ஓடுகிற பிள்ளைக்கு இரண்டாவது ஸ்கேன் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது, ஆபத்தை மட்டும் இரண்டாக்கும். தலைவலி நாளுக்கு நாள் கூடினால், வாந்தி திரும்பினால், நடை தள்ளாடினால் அன்றைக்கே போங்கள், அது வேறு கணக்கு.

என் அனுபவத்தில் வீணாகப் போன கதிர் பெரும்பாலும் இரண்டாவது ஸ்கேனில்தான். ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து ராத்திரி ஒரு பையனை எங்களிடம் அனுப்பினார்கள். தலை ஸ்கேன் அங்கேயே எடுத்தாகிவிட்டது. படத்தைப் பதிந்து கொடுத்த சிடி எங்கள் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை, அந்தப் பக்கம் போனை யாரும் எடுக்கவில்லை. டாக்டர் காத்திருக்க முடியாது, திரும்ப எடுத்தோம். அன்று அவர் செய்தது சரி, ஆனால் அந்த இரண்டாவது கதிர் ஒரு கெட்ட சிடிக்காக.

உங்கள் மகனின் சிடியும் அந்த எண் எழுதிய தாளும் வீட்டில் இருக்கிறதா? பிறப்புப் பத்திரம் வைத்திருக்கிற ஃபைலிலேயே போட்டு வையுங்கள். தாளில் தலை ஒரு வரிசைதான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். இரண்டு தடவை எடுத்ததாக இரண்டு வரிசை இருந்திருந்தால் ஏன் என்று நானே போன் போட்டுக் கேட்டிருப்பேன்.